மாட்டு வேலை முடிந்ததும் கால் மணி நேரம்: குரூப் 4 படிப்பைத் தினசரிப் பழக்கமாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களில் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களில் பலர் வீட்டு வேலைக்கும் காட்டு வேலைக்கும் நடுவில் படிப்பவர்கள். கல்யாணமாகி, குழந்தை பெற்று, இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டே படிக்கும் பெண்கள் நிறைய. படிக்கத் தொடங்கும்போது எல்லோரும் முதலில் செய்வது ஒரு டைம்டேபிள் போடுவது. காலை 4 முதல் 6 வரை தமிழ், இரவு 9 முதல் 11 வரை பொது அறிவு என்று எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். ஒரு வாரம் ஓடும். அப்புறம் ஒரு நாள் கன்றுக்குட்டிக்குக் கழிச்சல், ஒரு நாள் மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், ஒரு நாள் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். டைம்டேபிள் சுவரிலேயே இருக்கும், படிப்பு நின்றுபோயிருக்கும்.

இதைச் சோம்பல் என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காலை நாலரை மணிக்கு எழுந்து பால் கறக்கிற பெண் சோம்பேறி அல்ல. அந்தப் படிப்பு நேரம் அவளுடைய நாளில் எதோடும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது, அதுதான் சிக்கல். பால் கறப்பதை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை, மாடே கத்திக் கூப்பிட்டுவிடும். படிப்புக்கு அப்படிக் கூப்பிட எதுவும் இல்லை. ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு வேலையின் முடிவோடு கால் மணி நேரப் படிப்பை இணைத்துவிட்டால், அந்த வேலையே படிப்புக்கு அழைப்பு மணியாகிவிடும். அந்த இணைப்பைப் போடுவதும், அது அறுந்தால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வதும்தான் இந்த வழிகாட்டி.

உதாரணத்துக்குப் பாலக்கோடு பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண்ணின் நாளை எடுத்துக்கொள்வோம். வயது முப்பதுக்குள். பட்டப்படிப்பு முடித்தவள். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கறவை மாடு இரண்டு. கணவர் ஓசூரில் கம்பெனி வேலை. வீட்டில் மாமியாரும் உண்டு. நம் பக்கத்தில் இப்படி ஒரு வீடு இல்லாத தெருவே கிடையாது.

முதல் படி: நாளை எழுதிப் பார்ப்பது

படிப்பைப் பற்றி யோசிக்காமல் மூன்று நாட்களுக்கு அன்றன்றைய வேலைகளை வரிசையாக எழுத வேண்டும். மணியை எழுதுவதைவிட, எது முடிந்து எது தொடங்குகிறது என்று எழுதுவது முக்கியம். நம் பெண்ணின் தாளில் இப்படி வரும்: எழுந்ததும் சாணி அள்ளுவது, பால் கறப்பது, சொசைட்டிக்குப் போய்ப் பால் ஊற்றுவது, சமையல், பிள்ளைகளைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றுவது, துணி, காடு, மத்தியானச் சாப்பாடு, சாயங்காலம் மறுபடி கறவை, சொசைட்டி, வந்து கேன் கழுவுவது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டித் தட்டு போடுவது, கைகால் கழுவுவது, விளக்கு வைப்பது, இரவுச் சமையல், சாப்பாடு, பாத்திரம், படுக்கை.

மூன்று நாளில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

இரண்டாம் படி: எந்த வேலையோடு இணைப்பது

எல்லாமே இந்தத் தேர்வில்தான் இருக்கிறது, அதனால் இங்கே அவசரப்பட வேண்டாம். ஒரு வேலை படிப்பைத் தாங்குமா என்று பார்க்க நான்கு கேள்விகள் போதும். வருஷம் முழுக்க, லீவு நாளிலும் நடக்கிறதா? முடிந்துவிட்டது என்று தெளிவாகத் தெரிகிறதா? முடிந்தவுடன் கையும் மனசும் கொஞ்ச நேரமாவது சும்மா இருக்குமா? ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் வருகிறதா? மேலே எழுதிய வேலைகளை ஒவ்வொன்றாக இந்தக் கேள்விகளில் போட்டுப் பார்ப்போம்.

காலையில் சொசைட்டியிலிருந்து திரும்பியதும் படிக்கலாம் என்று தோன்றும். ஆனால் அந்த நிமிடத்தில் அடுப்பு காத்திருக்கும், பிள்ளைகளுக்கு டிபன் கட்ட வேண்டும். மூன்றாவது கேள்வியில் அது விழுந்துவிடுகிறது.

பிள்ளைகளை பஸ் ஏற்றியதும் படிப்பது எல்லோருக்கும் பிடித்த தேர்வு. வீடு அமைதியாக இருக்கும், கையும் சும்மா இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பஸ் வராது. அதைவிடப் பெரிய ஆபத்து மே மாதம். 2024இல் குரூப் 4 தேர்வு ஜூன் 9 அன்று நடந்தது, 2025இல் ஜூலை 12 அன்று. இரண்டு வருஷமும் தேர்வுக்கு முந்தைய மாதங்களில்தான் கோடை விடுமுறை வந்தது. படிப்பு மிகவும் தேவைப்படும் வாரங்களில் பள்ளி பஸ் நின்றுபோகும், அதோடு படிப்பும் நின்றுபோகும். இந்த ஒரு காரணத்துக்காகவே பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்ட எதையும் நான் பரிந்துரைப்பதில்லை.

சாயங்காலம் பால் கேனைக் கழுவிக் கவிழ்த்தது? முடிவு தெளிவாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் பால் உண்டு. ஆனால் மாடு வருஷம் முழுக்கக் கறக்காது. கன்று போடுவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே பாலை வற்ற விட வேண்டும். இரண்டு மாடும் வேறு வேறு மாதத்தில் சினை பிடித்திருந்தால் கேன் நிற்காது. முன்பின்னாக ஒரே சமயத்தில் பிடித்திருந்தால் பல வாரம் சொசைட்டிப் பக்கமே போக வேண்டியிருக்காது. அவ்வளவு நாள் படிப்பை எது கூப்பிடும்?

விளக்கு வைத்ததும் என்று சில பெண்கள் சொல்வார்கள். அழகான நேரம், வீடும் அடங்கியிருக்கும். ஆனால் மாதவிலக்கு நாட்களில் விளக்கு ஏற்றாத வீடுகள் நம் பக்கம் இன்னும் பல. அப்படிப்பட்ட வீட்டில் மாதாமாதம் மூன்று நாளாவது இணைப்பு அறுந்துபோகும். உங்கள் வீட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் விளக்கு நல்ல தேர்வுதான்.

இரவு பாத்திரம் கழுவியதும் படிக்கலாமா? தினமும் நடக்கிறது, முடிவும் தெளிவு. ஆனால் நாலரை மணிக்கு எழுந்த உடம்பு அந்த நேரத்தில் படிக்காது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவது படிப்பாகாது.

மிச்சம் இருப்பது சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, தட்டு போட்டுவிட்டுக் கைகால் கழுவுவது. மாடு கறந்தாலும் கறக்காவிட்டாலும் தீனி போட்டே ஆக வேண்டும். ஞாயிறு, பொங்கல், கோடை விடுமுறை எதற்கும் இது நிற்காது. கைகால் கழுவித் துண்டில் துடைத்ததும் வேலை முடிந்தது என்று உடம்புக்கே தெரிந்துவிடும். சமையலுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கும். கை கழுவுவது மட்டும் என்றால் ஒரு நாளில் இருபது தடவை வரும், அதோடு எதையும் இணைக்க முடியாது. மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்து சாயங்காலம் கைகால் கழுவுவது ஒரே தடவைதான். நம் பெண்ணுக்கு இதுதான் சரியான இடம்.

கவனித்தீர்களா, வேலைக்கு முன்னால் படிப்பதைப் பற்றி நான் பேசவே இல்லை. மாட்டுக்குத் தட்டு போடுவதற்கு முன் படிக்கிறேன் என்றால், தட்டு போடப் போகிறோம் என்பது நினைவுக்கு வரும்போது மாடு ஏற்கெனவே கத்திக்கொண்டிருக்கும். முடிந்த வேலை கண்ணுக்குத் தெரிகிற அடையாளம், தொடங்கப்போகிற வேலை அப்படியல்ல. 2013இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் பயன்படுத்தச் சொல்லி, சிலரைப் பல் துலக்குவதற்கு முன்பும் சிலரைத் துலக்கிய பின்பும் செய்யச் சொன்னார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, துலக்கிய பின்பு செய்தவர்களிடம்தான் பழக்கம் அதிகமாக ஊறியிருந்தது.

மூன்றாம் படி: ஒரே வாக்கியமாக எழுதுவது

தேர்ந்தெடுத்ததை நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே வாக்கியமாக எழுத வேண்டும். எதற்குப் பிறகு, எங்கே, என்ன செய்வேன் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

"சாயங்காலம் மாட்டுக்குத் தட்டு போட்டுக் கைகால் கழுவினதும், திண்ணையில் பாய் போட்டு உட்கார்ந்து, நேற்றைய ஐந்து கேள்விக்கும் பார்க்காமல் பதில் எழுதுவேன்."

இது சடங்குக்காக எழுதுவது அல்ல. ஜெர்மனியில் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் இதைச் சோதித்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்து வைத்தவர்களில் பெரும்பாலோர் சொன்னபடி முடித்தார்கள். அப்படிக் குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே முடித்தார்கள். ஆசை இரண்டு கூட்டத்துக்கும் இருந்தது. முடிவெடுக்க வேண்டிய நேரம் முன்பே கடந்துவிட்டதா, இன்னும் பாக்கி இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம்.

வாக்கியத்தில் மணி எழுத வேண்டாம். நம் பக்கம் நவம்பர், டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். ஜூனில் ஆறே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும். மாட்டு வேலையும் வெளிச்சத்தோடுதான் நகரும். ஆறு மணி என்று எழுதிவிட்டு ஆறேகாலுக்கு வந்தால், இன்றைக்கு நேரம் போய்விட்டது என்று மனசு நழுவிவிடும். கைகால் கழுவியது எத்தனை மணிக்கு நடந்தாலும் கைகால் கழுவியதுதான்.

வாக்கியத்தை வீட்டில் சத்தமாகச் சொல்லியும் விட வேண்டும். சொல்லாமல் உட்கார்ந்தால் முதல் நாளே மாமியார் கேட்பார்: "இப்பத்தானே உள்ளே வந்தே, அடுப்பைப் பத்த வைக்காம புக்கை எடுத்துட்டியே?" அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும்: "அரிசி ஊறப் போட்டுட்டேன் அத்தை. அது ஊறுறதுக்குள்ள எழுந்து வந்துடுறேன்." இந்தப் பதிலில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அரிசி ஊறும் நேரம்தான் படிப்பு நேரம் என்றால், முடிவும் தானாக அமைந்துவிடுகிறது. இது எவ்வளவு நேரம் இழுக்குமோ என்ற கவலை வீட்டுக்கும் இருக்காது, அவளுக்கும் இருக்காது.

நான்காம் படி: பொருளை வழியில் வைப்பது

கைகால் கழுவித் துடைத்த பிறகு புத்தகத்தைத் தேடி அலமாரிக்குப் போனால், வழியில் மடிக்க வேண்டிய துணி கண்ணில் படும். அதை மடித்து முடிப்பதற்குள் அரிசி ஊறிவிடும். அதனால் துண்டு தொங்குகிற ஆணிக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஆணி அடித்து ஒரு துணிப்பையை மாட்டிவிடுங்கள். பையில் நோட்டு, பேனா, இப்போது படிக்கிற ஒரே ஒரு பாடப்புத்தகம். ஐந்து கைடுகளை அடைத்தால் எதை எடுப்பது என்ற யோசனையிலேயே நேரம் போகும். துண்டை எடுக்கும் கை பையையும் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு.

திண்ணையில் பல்பு எரிகிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் சாயங்காலம் மின்சாரம் போகும் ஊராக இருந்தால் சார்ஜ் விளக்கு ஒன்று அந்தப் பையிலேயே இருக்கட்டும். செல்போன் மட்டும் உள்ளேயே இருக்கட்டும். யூடியூபில் வகுப்பு பார்ப்பவர்கள் அதை வேறு நேரத்தில் பார்க்கலாம். இந்தக் கால் மணி நேரத்துக்கு நோட்டு போதும்.

ஐந்தாம் படி: அந்தக் கால் மணி நேரத்தில் என்ன செய்வது

பலர் உட்காரும் வரை சரியாகச் செய்துவிட்டு இங்கே கோட்டை விடுகிறார்கள். புத்தகத்தைத் திறந்து விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினால், விட்ட இடம் எது என்று தேடுவதிலேயே ஐந்து நிமிடம் போகும். அதனால் முதல் வேலை படிப்பதாக இருக்கக் கூடாது. நேற்று தானே எழுதி வைத்த ஐந்து கேள்விகளுக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் பதில் எழுதுவதுதான் முதல் வேலை. யோசிக்காமல் தொடங்கிவிடலாம், மூன்று நான்கு நிமிடத்தில் முடியும். பிறகு ஏழெட்டு நிமிடம் புதிதாக ஒரு பக்கம் அல்லது இரண்டு பக்கம். கடைசி மூன்று நிமிடம், அந்தப் பக்கத்திலிருந்து நாளைக்கு ஐந்து கேள்வி. பதிலை எழுத வேண்டாம், பக்க எண் மட்டும் போதும்.

ஒரு நாளைச் செய்து பார்ப்போம். இன்று ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையான பாடங்களில் விடுதலைப் போராட்டம் பற்றிய ஒரு பக்கமும், சங்க கால வள்ளல்கள் பற்றிய ஒரு பக்கமும் படித்தாள் என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் நாளைக்காக எழுதும் கேள்விகள்: ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த வள்ளல் யார், அவர் ஆண்ட ஊர் எது? தகடூரை வென்ற சேர மன்னன் யார்? அவனைப் பதிற்றுப்பத்தில் பாடிய புலவர் யார்? சுப்பிரமணிய சிவா எந்த ஊரில், எந்த ஆண்டு மறைந்தார்? ராஜாஜி பிறந்த ஊர் எது?

மறுநாள் பார்க்காமல் எழுதும்போது அதியமான், தகடூர், பாப்பாரப்பட்டி, தொரப்பள்ளி என்று நம் ஊர்ப் பெயர்கள் சுலபமாக வந்துவிடும். பெருஞ்சேரல் இரும்பொறையும் 1925ஆம் ஆண்டும் வரலாம், வராமலும் போகலாம். அரிசில்கிழார் அநேகமாக வரமாட்டார். வராத கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, அதே கேள்வியை அடுத்த நாள் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். இரண்டு தடவை சரியாக வந்ததும் ஒரு வாரம் கழித்து ஒரு முறை கேட்டுப் பார்த்தால் போதும்.

மறுபடி மறுபடி வாசிப்பதைவிட இப்படிக் கேட்டுக்கொள்வது மேல் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்து, ஒரு கூட்டத்தைத் திரும்ப வாசிக்கவும், இன்னொரு கூட்டத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவும் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். வாசித்த சூட்டில் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். தேர்வு நடப்பது பல வாரம் கழித்து.

எதைப் படிப்பது என்பதில் ஒரு வார்த்தை. குரூப் 4இல் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்விகள் தமிழ், 150 மதிப்பெண். தமிழில் 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். மீதி நூறில் 75 பொது அறிவு, 25 கணக்கும் அறிவுத் திறனும். சாயங்காலக் கால் மணி நேரத்துக்குத் தமிழும் பொது அறிவும் பொருந்தும், ஏனென்றால் சின்னச் சின்னத் துண்டாக வெட்டலாம். கணக்கு அப்படியல்ல. ஒரு மாதிரிக் கணக்கு பிடிபட அரை மணி நேரம் ஒரே இருப்பாக உட்கார வேண்டும். அதைப் பிள்ளைகள் வீட்டில் இல்லாத ஒரு மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: முதல் இரண்டு வாரம் இன்னும் குறைவாக

கால் மணி நேரம் என்று சொன்னேன். முதல் இரண்டு வாரத்துக்கு அதுவும் வேண்டாம். உட்கார்ந்து ஐந்து கேள்விக்குப் பதில் எழுதினால் அன்றைய வேலை முடிந்தது. விருப்பமிருந்தால் தொடரலாம், எழுந்து போனாலும் குறையில்லை. இந்த நாட்களில் பாடம் முன்னே போக வேண்டியதில்லை. துண்டுக்கு அடுத்து பை, பைக்கு அடுத்து பாய் என்று உடம்பு பழகினால் போதும்.

எத்தனை நாளில் இது தானாக வரும்? 21 நாள் என்று பலர் சொல்வதை நம்பித் தேதி குறிக்க வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைப் பின்தொடர்ந்து, 2010இல் வெளியிட்ட ஆய்வில் நடுவான கணக்கு 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. தண்ணீர் குடிப்பது போன்ற சின்னச் செயல் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி அதிக நாள் எடுத்தது. படிப்பு தண்ணீர் குடிப்பதைவிடக் கடினமான வேலை. அதனால் இரண்டு மாதமாவது ஆகும், மூன்றும் ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் தேர்வு என்றால் தை மாதத்துக்குள் தொடங்கிவிடுவது நல்லது.

இதே ஆய்வில் தெரிந்த இன்னொரு விஷயம்: இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் படிவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. ஒரு நாள் விட்டதும் எல்லாம் போச்சு என்று நோட்டை மூடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு மாதக் காலண்டரில், பால் கணக்கு எழுதும் இடத்துக்குப் பக்கத்தில், உட்கார்ந்த நாளுக்கு ஒரு கோடு போட்டு வாருங்கள். அடுத்த படிக்கு அந்தக் கோடுகள் தேவைப்படும்.

ஏழாம் படி: அறுந்தால் எங்கே அறுந்தது என்று பார்ப்பது

இரண்டு வாரம் கழித்துக் காலண்டரைப் பார்க்கும்போது வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் கோடு இல்லையென்றால், மன உறுதியைக் கூட்ட முயல்வதில் பயனில்லை. தவறிய நாட்களில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதலாவது, "படுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது." தேர்ந்தெடுத்த வேலை கூப்பிடவில்லை என்று அர்த்தம். அது ஒரே மாதிரி முடிவதில்லை, அல்லது அதன் முடிவு கண்ணில் படவில்லை. நம் பெண் சில நாள் மாட்டுக்குத் தட்டு போட்டுவிட்டுக் கைகால் கழுவாமல் அப்படியே பக்கத்து வீட்டில் பேச உட்கார்ந்துவிடுகிறாள் என்றால், ஞாபகம் வராதது அவளுடைய குற்றமல்ல. முடிவை இன்னும் கூர்மையாக்க வேண்டும். துணிப்பையைத் துண்டுக்குப் பக்கத்தில் வைப்பதற்குப் பதில், துண்டின் மேலேயே மாட்டிவிடலாம். பையை எடுக்காமல் துண்டை எடுக்க முடியாது. அதுவும் உதவவில்லை என்றால் வேலையையே மாற்ற வேண்டும். மாற்றினால் நாட்கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும், ஆனாலும் கூப்பிடாத வேலையோடு இழுத்துக்கொண்டு போவதைவிட அது நல்லது.

இரண்டாவது, "ஞாபகம் வந்தது, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்." கூப்பிட்டது, ஆனால் போக மனம் வரவில்லை. அளவு பெரிதாகிவிட்டது, அல்லது அந்த நிமிடத்தில் கை உண்மையில் சும்மா இல்லை. கேள்விகளை ஐந்திலிருந்து இரண்டாகக் குறைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் கோடுகள் திரும்பி வந்தால் அளவுதான் காரணம். வரவில்லை என்றால் அந்த நேரத்தில் வேறு ஏதோ வேலை காத்திருக்கிறது. நம் பெண்ணின் வீட்டில் அது பெரும்பாலும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமாக இருக்கும். அவர்களையும் அதே பாயில் உட்கார வைத்தால் தீர்ந்துவிடும், சின்னவன் பேனாவைப் பிடுங்கும் வயது தாண்டியிருந்தால்.

மூன்றாவது, "உட்கார்ந்தேன், ஒன்றும் ஓடவில்லை." இணைப்பில் கோளாறு இல்லை, முந்தின நாள் கேள்வி எழுதி வைக்கவில்லை. கடைசி மூன்று நிமிடத்தைத் தவறவிட்டால் மறுநாள் தொடக்கம் அடைபடும். அரிசி ஊறிவிட்டது என்று உள்ளேயிருந்து குரல் வந்தாலும், இரண்டு கேள்வியாவது எழுதிவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

இந்த வழக்கமே நடக்காத நாட்களுக்கு

கன்று போடும் நாள், ஊர்த் திருவிழா, ராகி அறுப்பு, மாங்காய் பறிக்கும் வாரங்கள். இந்த நாட்களில் மாட்டு வேலை நடக்கும், கால் மணி நேரம் கிடைக்காது. அதற்குச் சின்ன வடிவம் ஒன்று முன்பே முடிவு செய்து நோட்டில் எழுதியிருக்க வேண்டும்: பையை எடுத்து, நின்றபடியே இரண்டு கேள்விக்கு வாயால் பதில் சொல்லிவிட்டுப் பையை மாட்டிவிடுவது. ஒரு நிமிடம் ஆகும். பாடத்துக்கு அதனால் பெரிய லாபம் இல்லை, ஆனால் துண்டுக்கு அடுத்து பை என்ற வரிசை அறுவதில்லை. காலண்டரில் இதற்கும் கோடு போடலாம்.

அம்மா வீட்டுக்குப் பத்து நாள் போவது வேறு விதம். அங்கே மாடும் இல்லை, திண்ணையும் இல்லை, துண்டு தொங்கும் ஆணியும் இல்லை. பழக்கம் இடத்தோடும் பொருளோடும் ஒட்டியது, ஊர் மாறினால் கூடவே வருவதில்லை. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால் பத்து நாளும் போய்விடும். கிளம்பும் முன்பே அந்த வீட்டில் தவறாமல் நடக்கும் ஒன்றைக் கண்டுபிடித்து வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். அம்மா சாயங்காலம் டீ போட்டுக் கொடுப்பார் என்றால், டீ குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும் என்று எழுதலாம். துணிப்பை துணிமணியோடு கூடவே போகட்டும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல, ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும், அவர்களுக்குத்தான் மணிக்கணக்கு சுத்தமாக உதவாது. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி என்று மாறும்போது ஆறு மணிப் படிப்பு எப்படி நிற்கும்? ஆனால் மூன்று ஷிப்டிலும் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, அறைக்கு வந்து, யூனிபார்மைக் கழற்றி மாட்டுவது நடக்கும். அந்தக் கொக்கியிலேயே நோட்டுப் பை தொங்கட்டும். ராத்திரி ஷிப்ட் வாரத்தில் மட்டும் சின்ன வடிவம் போதும், உடம்பு தாங்காது. வார லீவில் யூனிபார்ம் இல்லை என்பதால் அந்த ஒரு நாளுக்குத் தனி வாக்கியம் எழுதிக்கொள்ள வேண்டும்.

எப்போது நேரத்தைக் கூட்டுவது

பழக்கம் படிந்ததற்கு அடையாளம் உண்டு. உட்காரலாமா என்று யோசிக்கும் முன்பே பை கையில் இருக்கும். ஒரு நாள் விட்டால் எதையோ மறந்துவிட்ட மாதிரி இருக்கும். இந்த இரண்டும் வரும் வரை நேரத்தைக் கூட்டாதீர்கள். உற்சாகமான ஒரு வாரத்தில் ஒரு மணி நேரமாக ஏற்றிவிட்டு, அடுத்த வாரம் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பயந்து உட்காராமலே விடுவதுதான் அதிகம் நடக்கிறது.

இந்த முறையால் தானாக வருவது உட்காருவது மட்டும்தான், அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நோட்டைத் திறந்த பிறகு யோசிப்பதும், மறந்ததை நினைவுக்கு இழுப்பதும் அறுபது நாள் ஆனாலும் நூறு நாள் ஆனாலும் முயற்சியோடுதான் நடக்கும். சில சாயங்காலம் அது கடினமாக இருந்தால் பழக்கம் விட்டுப்போனது என்று எண்ண வேண்டாம். அதே போல, தினம் கால் மணி நேரம் என்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய தொண்ணூறு மணி நேரம்தான் வரும். 200 கேள்வித் தாளுக்கு இது மட்டும் போதாது. மாதிரித் தேர்வு எழுதவும் கணக்குப் போடவும் தனியாகப் பெரிய இருப்பு வேண்டும்.

அதற்கு இரண்டாவது இணைப்பு ஒன்றைப் போடலாம், முதலாவது படிந்த பிறகு. நம் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் ஒதுக்கியதும் கணவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற மூன்று மணி நேரம் ஒத்துவரும். குரூப் 4 தாளுக்கும் அதே மூன்று மணி நேரம்தான். வாரத்துக்கு ஒரு முறை நடப்பது தினசரிப் பழக்கம் போலப் படியாது, அதனால் அதைக் கணவரோடு பேசி முடிவு செய்து, அவர் வீட்டில் இருக்கும் ஞாயிறுகளைக் காலண்டரில் முன்பே வட்டமிட்டு வைக்க வேண்டும். அந்த வாரத்து நோட்டில் புள்ளி வைத்த கேள்விகளை முதல் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கலாம். பாதியில் மாடு கத்தினால், எந்தக் கேள்வியில் விட்டோம் என்று தாளில் குறித்துவிட்டுப் போய் வரலாம்.